கூட்டம் முடிந்த பிறகு வருபவர்கள்

கூட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆவதற்குள் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்துவிடுவார். வேறு எதற்கோ வருவதுபோல வருவார்கள். ஒருமுறை மருந்தகத் தலைவர் ஸ்டேப்ளர் கேட்டு வந்தார். அவர் கையிலிருந்த தாள்கள் ஏற்கெனவே பின் அடிக்கப்பட்டிருந்தன.

நான் மருத்துவமனையின் திட்டக் குழுவுக்கு எழுத்தர். வேதியியல் படித்தேன். லேபில் இடம் காலி இல்லை, இங்கே இருந்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது நிகழ்ச்சி நிரலை அனுப்ப வேண்டும். கூட்டத்தில் மேசைக் கோடியில் உட்கார்ந்து யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தட்டச்சு செய்து பதிவேட்டில் ஒட்ட வேண்டும். பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

குழுவில் ஐந்து பேர். லேப் டாக்டர், மேட்ரன், மருந்தகத் தலைவர், இன்ஜினியர், இவர்களுக்கு மேலே சீஃப். சீஃப் அறுவை சிகிச்சை நிபுணர். மருத்துவமனையில் யாருடைய பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று அவருக்குத் தெரியும். தன் டீ கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். பச்சிளங்குழந்தை வார்டு வேண்டும் என்று ஆறு வருஷம் அலைந்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவர்மேல் யாருக்கும் பயம் கிடையாது, பிரியம்தான். சிக்கலே அதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் சொல்ல வந்த கூட்டத்தில் ஒரே ஒரு பொருள்தான். பின்பக்கம் கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்துக்கு லேப் போகிறது. எல்லா வார்டுகளிலிருந்தும் அங்கே காற்றுக்குழாய் போடலாமா என்பது கேள்வி. ரத்த மாதிரியை ஒரு உருளையில் போட்டு மூடிக் குழாய்க்குள் விட்டால், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் லேபில் இறக்கிவிடும். யாரும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

"நான் நேர்ல பார்த்துட்டு வந்தேன்" என்றார் சீஃப். "நம்ம நண்பர் ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. புஸ்ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்துல லேப்ல போய் விழுது. நம்ம ஆளுங்க மூணு மாடி ஏறி இறங்கி மூச்சு வாங்குறாங்களே, அதெல்லாம் இனி இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். லேப் டாக்டர் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதைப் பார்த்து மேட்ரன் தலையாட்டினார். மருந்தகத் தலைவர், "நல்ல விஷயம் சீஃப்" என்றார். இன்ஜினியர் வரைபடத்தை விரித்து, பாதியில் மடித்துவிட்டார்.

"பச்சிளங்குழந்தை வார்டு பக்கத்துல இருக்கிற சின்ன லேபையும் மூடிடலாம். அங்க இருக்கிற ரத்தப் பரிசோதனை மெஷின் புது லேபுக்குப் போகட்டும். யாருக்காவது ஆட்சேபணை?"

மூன்று விநாடி. மேசைக்குமேல் மின்விசிறி சுற்றும் சத்தம்.

"அப்போ ஒருமனதா. எழுதிக்கோம்மா."

எழுதிக்கொண்டேன். எங்கள் விதிப்படி எந்தத் தீர்மானமும் இரண்டு கூட்டங்களில் வர வேண்டும். முதல் கூட்டத்தில் எடுப்பார்கள், இரண்டு வாரம் கழித்து உறுதி செய்வார்கள். அதன் பிறகுதான் ஆர்டர் போகும். அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று யாரோ நல்லவர் எழுதிய விதி. நான் பார்த்தவரை இரண்டாம் கூட்டம் பிஸ்கெட் சாப்பிடத்தான் பயன்பட்டது.

அன்று முதலில் வந்தவர் லேப் டாக்டர். காலண்டரைப் பார்ப்பதுபோல என் மேசை அருகே நின்றார்.

"நீ கெமிஸ்ட்ரிதானே படிச்சே? உனக்குப் புரியும். குழாய்க்குள்ள வேகமாப் போய், வளைவுல திரும்பி, கடைசியில டப்புனு நிக்கும்போது ரத்தம் குலுங்கும். சிவப்பணு உடையும். உள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய வந்துடும். இல்லாத வியாதியை மெஷின் இருக்குன்னு காட்டும். எல்லாக் குழாயிலயும் அப்படி ஆகாது. நம்ம குழாயில ஆகுமான்னு சோதிச்சுப் பார்க்காம சொல்ல முடியாது."

"சார், இதைக் கூட்டத்துல..."

"மேட்ரன் அவ்வளவு ஆசையா தலையாட்டினாங்கம்மா. ஆள் குறைச்சலா இருக்குன்னு பாவம் அவங்க எவ்வளவு நாளா சொல்றாங்க. நான் நடுவுல புகுந்து கெடுக்கணுமா? எழுதிடாதே, சும்மா சொன்னேன்."

அவர் போய்ப் பத்து நிமிஷத்தில் மேட்ரன்.

"குட்டிப் பாப்பாங்களோட மாதிரி துளி துளியாத்தான் இருக்கும். அது குழாயில போய் உடைஞ்சா மறுபடி குத்தணும். எனக்கு மனசே கேக்கல. ஆனா லேப் டாக்டரே சரிங்கறார். ரத்தத்தைப் பத்தி அவரைவிட எனக்கா தெரியும்? இதெல்லாம் எழுதிடாதே கண்ணு."

பிறகு மருந்தகத் தலைவர். அதே குழாயில் மருந்தும் போகும் என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தது. சில மருந்துகளைக் குலுக்கினால் நுரைத்துக் கெட்டுப்போகும், அந்தப் பட்டியலை யாரும் கேட்கவில்லை என்றார். கடைசியாக இன்ஜினியர். "சீஃப் பார்த்த ஆஸ்பத்திரி ஒரே மாடி, நேர்கோடு. நமக்கு மூணு மாடி, ஒன்பது வளைவு. எண்ணிப் பார்த்துட்டேன். நடுவுல ஒரு உருளை சிக்கினா அந்த லைனே நின்னுடும். ஆனா டாக்டருங்க எல்லாம் ஒரே குரல்ல வேணும்னும்போது நான் கம்பியும் குழாயும் பேசிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

நான்கு பேர். நான்கு பேருக்கும் தான் ஒருவர்தான் சந்தேகப்படுகிறோம் என்ற நினைப்பு. நான்கு பேரும் எழுதாதே என்றார்கள். ஊமை கண்ட கனவுபோல எல்லாம் எனக்குள்ளேயே இருந்தது.

வீட்டில் அக்கா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தாள். அவள் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸ். நான் அவளோடும் மாமாவோடும் இருக்கிறேன். செய்தி என்னைவிட வேகமாக வீடு வந்துவிட்டது.

"சின்ன லேபை மூடப் போறாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"கேன்டீன் சொல்லுச்சு. ஏன்டி, ஒரு கிலோ பாப்பா ஒடம்புல மொத்த ரத்தம் எவ்வளவு தெரியுமா? இந்த டம்ளர்ல பாதி கூட வராது. அதுல இருந்து நான் எடுக்கிறேன். இப்போ எடுத்துக்கிட்டுப் பத்து அடி நடக்கிறேன், கொடுக்கிறேன், முடிவு வருது. நாளைக்கு குழாய்ல போட்டு, அது கெட்டுப்போச்சு மறுபடி அனுப்புன்னு போன் வந்தா, மறுபடி யாரு குத்தறது? உங்க கமிட்டி வந்து குத்துமா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கக்கா."

"எல்லாரும்னா?"

நான் டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

மாமா அச்சகத்தில் வேலை பார்ப்பவர். பேச்சில் எப்போதும் ஒரு வரி மிச்சம் வைத்திருப்பார். "ஆமாம் சாமி போடுறதுக்கு அஞ்சு பேர் எதுக்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே. நானே செஞ்சு தர்றேன்."

"நீதானே எழுதுறே" என்றாள் அக்கா. "எழுதிட வேண்டியதுதானே."

"கூட்டத்துல சொல்லாததை எழுத முடியாதுக்கா."

"சொல்ல வை அப்போ."

அவள் அதைக் கோபத்தில்தான் சொன்னாள். எனக்கு அது ஒரு வேலையாகத் தெரிந்தது.

மறுநாள் இரண்டாம் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலோடு ஒரு தாளையும் சேர்த்து அனுப்பினேன். 'காற்றுக்குழாய்த் திட்டம் பற்றி மாற்றுக் கருத்து இருப்பின் கீழே எழுதிக் கையொப்பமிடவும்.' நான்கு தாள்களும் அன்று மாலையே திரும்பி வந்தன. நான்கிலும் 'இல்லை.' லேப் டாக்டர் அழகாக அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

தாளை முன்னால் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். பிழை அவர்களுடையதல்ல. நான் கேட்டது கருத்தை அல்ல, தைரியத்தை. கையெழுத்துப் போட்டு, பெயர் எழுதி, சீஃபுக்கு எதிராக நில் என்று கேட்டிருக்கிறேன். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் நானும் 'இல்லை' என்றுதான் எழுதுவேன். 'இல்லை' என்று எழுத இடமும் கொடுத்திருந்தேன்.

கல்லூரி லேபில் பியூரெட் என்ற கண்ணாடி அளவுக்குழாயில் அளவு பார்க்கும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான்கு பேர் ஒரு குழு. ஒருத்தி குனிந்து பார்த்து, இருபத்து மூன்று புள்ளி நான்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போச்சு. மற்ற மூன்று பேர் கண்ணுக்கும் இருபத்து மூன்று புள்ளி நான்குதான் தெரியும். பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித் தெரியும். அதனால் அவரவர் பார்த்ததை அவரவர் நோட்டில் எழுதிய பிறகுதான் வாய் திறக்கலாம். எழுதியது வேறு வேறாக இருந்தால் மறுபடி பார்ப்போம். சண்டை இல்லை, அது சாதாரண விஷயம்.

இங்கே முதல் அளவைச் சொல்பவர் சீஃப். அதுவும் ஆசையோடு சொல்பவர்.

புதிய தாள் ஒன்று தயார் செய்தேன். அதை அனுப்ப சீஃபின் அனுமதி வேண்டும். அவர் அறைக்கு வெளியே இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை கதவு தானாகத் திறந்தது. அவர் கழுவிய கிளாஸோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, ரோந்து சுத்துறியா? உள்ள வா."

உட்கார்ந்தேன். புதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை அவர் முன்னால் வைத்தேன். பேசுவதைவிட அது சுலபம்.

"ரெண்டு வருஷத்துல நாப்பத்தொரு தீர்மானம் சார். நாப்பத்தொண்ணும் ஒருமனதா."

"நல்ல விஷயம்தானே? நம்ம குழு அப்படி. ஒத்துமை."

"லேப்ல... நாலு பேர் நாப்பத்தொரு தடவை ஒரே அளவு சொன்னா, எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து எழுதறாங்கன்னுதான் நினைப்போம் சார்."

அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"உன்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

"யார் சொன்னா, என்ன சொன்னான்னு நான் சொல்லக் கூடாது சார். சொன்னா அடுத்த தடவை என்கிட்ட கூட சொல்ல மாட்டாங்க."

"ஓ" என்றார். அந்த ஓ-வில் பாதி பதில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்தார். "நான் என்ன சிங்கமா புலியா? நான்தான் ஒவ்வொரு தடவையும் ஆட்சேபணை உண்டான்னு கேக்கறேனே."

"கடைசியில கேக்கறீங்க சார். உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்ன பிறகு."

சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தத் தாளைக் கொடு."

தாளில் இருந்தது இதுதான்: 'ஒரு வருஷம் ஆகிவிட்டது. காற்றுக்குழாய் தோற்றுப்போய், பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். ஏன் தோற்றது? குறைந்தது இரண்டு காரணம் எழுதுக. கம்ப்யூட்டரில் அடித்து, பெயர் போடாமல், எழுத்தர் மேசைப் பெட்டியில் போடவும். கூட்டம் தொடங்கியதும் எல்லாம் கலந்து வாசிக்கப்படும்.'

அவர் இரண்டு முறை படித்தார். "தோத்துப்போச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்டியே!"

"அப்போதான் சார் குறை சொல்றவங்க உங்களை எதிர்க்கிற மாதிரி இருக்காது. நீங்க கேட்ட கணக்கைப் போடுற மாதிரி இருக்கும். யார் நல்ல காரணம் கண்டுபிடிக்கிறாங்கன்னு..."

"போட்டியா?" இப்போது சிரித்தார். "சரி. எல்லாரும்னா நானும் எழுதணும் இல்ல?"

இதை நான் யோசிக்கவில்லை. "எழுதலாம் சார்."

"இன்னொண்ணு. நான் கடைசியில பேசறேன். மறந்து வாயைத் திறந்தா இருமு."

பெட்டி என்பது பழைய அட்டைப் பெட்டிதான். மாமா அதில் ஒரு பிளவு போட்டு, ஓரத்தை அச்சகத் தாளால் அழகாக ஒட்டிக் கொடுத்தார். "ரப்பர் ஸ்டாம்பை விட இது லாபம்" என்றார். கூட்டத்தன்று காலை திறந்தபோது ஐந்து தாள்கள் இருந்தன. ஒன்று முழுப் பக்கம்.

கூட்டம் தொடங்கியது. சீஃப், "நம்ம எழுத்தர் ஒரு அஞ்சு நிமிஷம் வாசிப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேசைமேல் கோர்த்து வைத்தார். நான் எழுந்தேன். முதல் தாளில் கண்ணை வைத்து நிமிராமல் வாசித்தேன்.

"'வளைவுகள் அதிகம். மூன்றாவது மாதம் ஒரு உருளை ஏழாவது வளைவில் சிக்கியது. அரை நாள் எல்லா வார்டும் காத்திருந்தது. கையால் எடுத்துப்போக ஆளில்லை, ஏனென்றால் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டோம்.'"

இரண்டாவது தாள் மருந்து நுரைப்பது பற்றியது. மூன்றாவது: "'மாதிரிகளில் சிவப்பணு உடைந்தது. தவறான பொட்டாசியம் அளவை நம்பி ஒருவருக்குத் தேவையில்லாத சிகிச்சை ஆரம்பித்தோம். குழாயைப் பொருத்தியபின் நம் பாதையில் சோதிக்கவில்லை.'" நான்காவது: "'பச்சிளங்குழந்தைகளின் மாதிரிகள் உடைந்து வந்தன. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. நர்ஸுகள் கோபித்துக்கொண்டார்கள்.'"

லேப் டாக்டர் மேட்ரனைத் திரும்பிப் பார்த்தார். மேட்ரன் லேப் டாக்டரைப் பார்த்தார்.

"நீங்களா அது?" என்றார் மேட்ரன். "நீங்க சரின்னு தலையாட்டினதைப் பார்த்துத்தான்யா நான் ஆட்டினேன்!"

"நல்லா இருக்கே கதை! நீங்க ஆசைப்படறீங்கன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்."

"அப்போ அன்னிக்கு யாருதான் ஆசைப்பட்டது?" என்றார் இன்ஜினியர்.

எல்லோர் கண்ணும் சீஃப் பக்கம் போய், அவசரமாகத் திரும்பி வந்தது. சீஃப் வாயைத் திறந்தார். நான் இருமினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது தாளில் ஒரு காரணம்தான் இருந்தது. இரண்டு எழுதச் சொல்லியிருந்தேன். வாசிக்கலாமா என்று ஒரு நொடி தயங்கினேன். எல்லாம் வாசிக்கப்படும் என்று எழுதியது நான்தான்.

"'தலைவருக்குப் பிடித்துப்போனதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. தலைவரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டதுபோல நடித்தார்.'"

மருந்தகத் தலைவர் பிஸ்கெட்டைத் தட்டில் திருப்பி வைத்தார். இன்ஜினியர் வரைபடத்துக்குள் குனிந்துகொண்டார். இவ்வளவு துணிச்சலாக எழுதியது யார் என்று ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகிப்பது எனக்குத் தெரிந்தது. மேட்ரன் மெதுவாகச் சொன்னார்: "நான் இல்லைங்க சீஃப்."

"தெரியும்" என்றார் சீஃப். "அது என்னுது."

முதலில் சிரித்தது மருந்தகத் தலைவர். அவர் சிரித்த விதத்தில் மேசையே குலுங்கியது. பிறகு எல்லோரும். அதற்கப்புறம் ஒன்றேகால் மணி நேரம் அவர்கள் பேசினார்கள். என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. "மருந்தை அந்தப் பட்டியல் இல்லாம அனுப்பக் கூடாது." "முதல்ல ஒரே ஒரு லைன் போடுங்க, அவசரப் பிரிவுக்கு. அங்கதான் நேரம் முக்கியம்." "ஆளுங்களை மாத்தாதீங்க, சோதனை முடியற வரைக்கும்." இன்ஜினியர் மட்டும் குழாயே வேண்டாம் என்று நின்றார். மாதிரிகளைக் கொண்டுபோக நல்ல லிஃப்ட் ஒன்று போடலாம் என்றார். வாதம் பண்ணினார்கள். அவர் மசியவில்லை.

சீஃப் கடைசியில்தான் பேசினார். "எனக்கு இன்னும் குழாய் பிடிச்சிருக்கு. மறைக்கல. ஆனா பிடிச்சிருக்குங்கறது சோதனை இல்ல. ஒரு லைன் போடுவோம். பாப்பா வார்டு லைன் இப்போ வேண்டாம். சோதிச்சுட்டு முடிவு பண்ணுவோம்."

"என்ன வந்தா சரி, என்ன வந்தா வேண்டாம்னு இப்பவே எழுதிடணும்" என்றார் லேப் டாக்டர். அவர் குரல் முன்பைவிடப் பெரியதாக இருந்தது. "இல்லாட்டி முடிவு வந்த பிறகு நமக்குப் பிடிச்ச மாதிரி அர்த்தம் சொல்லிக்குவோம்."

அப்படியே எழுதினோம். சின்னக் குப்பிகளில், கையால் கொண்டுபோனது ஒன்று, குழாயில் போனது ஒன்று. பத்து ஜோடியில் இரண்டுக்கு மேல் குழாய் மாதிரி உடைந்திருந்தால் பாப்பா வார்டுக்கு லைன் இல்லை, சின்ன லேப் அங்கேயே இருக்கும். தீர்மானத்துக்குக் கீழே இன்ஜினியரின் மாற்றுக் கருத்தைக் காரணத்தோடு எழுதினேன். பதிவேட்டில் அப்படி ஒரு பத்தி வருவது அதுதான் முதல் தடவை. தட்டச்சு செய்து அவரிடம் காட்டினேன். "என் பேர்ல ஒரு கால் விட்டுப்போச்சு பார்" என்று திருத்திக் கொடுத்தார். சந்தோஷமாக இருந்தார்.

நான்கு மாதத்தில் அவசரப் பிரிவு லைன் ஓடியது. முழுசாக நிரப்பிய பெரிய குப்பிகளில் நடந்து போனதற்கும் குழாயில் போனதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சீஃபுக்கு ஒரே கொண்டாட்டம். "பார்த்தீங்களா!" என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. "பெருசுல சரியா வந்துடுச்சுன்னா சின்னதையும் சேர்த்து அனுப்பிடுவாங்கடி. எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் அந்தத் தீர்மானத்தின் நகலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தில் இரண்டு. அவள் நம்பவில்லை. "எழுதினா எழுதினபடி யாரு நடந்தா?"

சின்னக் குப்பிச் சோதனைக்குக் குழந்தைகளிடம் ரத்தம் எடுக்க முடியாது. அது சரியுமில்லை. பெரியவர்கள் ரத்தத்தைக் குழந்தைகளுக்கான குப்பியில் பாதி நிரப்பி அனுப்பலாம் என்றார் லேப் டாக்டர். யாருடைய ரத்தம் என்று கேள்வி வந்தது.

"தீர்மானம் போட்டது யாரு?" என்றார் சீஃப். சட்டைக் கையை மடித்தார்.

அப்படியாகத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவசரப் பிரிவின் ஓரத்தில், குழாய் நிலையத்துக்குப் பக்கத்தில் திட்டக் குழு முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஆளுக்கு இரண்டு ஜோடி. மொத்தம் பத்து. ரத்தம் எடுக்க மேட்ரன் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்.

"மெதுவாம்மா" என்றார் இன்ஜினியர். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். "நான்தான் இந்தக் குழாயே வேண்டாம்னு சொன்னேனே. அதுக்கும் சேர்த்தா குத்தறீங்க?"

"இன்னும் ஊசியே எடுக்கல சார்."

"அய்யோ."

மருந்தகத் தலைவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா எடுத்து முடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. அவளுடைய கை அப்படி.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் குழாயில் விட்டோம், ஒன்றை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூன்று மாடி. எது எப்படி வந்தது என்று லேபில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகக் குப்பிகளில் எண் மட்டும் இருந்தது. எண்ணுக்குரிய பட்டியல் என் பையில். ரத்தத்தைப் பிரிக்கக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரம் நின்றதும் லேப் டாக்டர் இருபது குப்பிகளையும் வெள்ளைத் தாளின்மேல் வரிசையாக நிறுத்தினார். ரத்தம் அடியில் தங்கி, மேலே தெளிநீர் நின்றது. சரியான மாதிரியில் அது வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். சிவப்பணு உடைந்திருந்தால் ரோஜா நிறம் ஏறும்.

பதினாலு குப்பிகள் வைக்கோல் நிறம். ஆறு ரோஜா. அந்த ஆறில் ஒன்று கிட்டத்தட்ட சிவப்பு.

பட்டியலை எடுத்தேன். ரோஜா நிறம் ஆறும் குழாயில் வந்தவை. நடந்து வந்ததில் ஒன்றுகூட இல்லை.

சிவப்பாக இருந்தது சீஃபுடையது. மெஷின் அதன் பொட்டாசியத்தை ஆறு புள்ளி இரண்டு என்றது. அதே கையிலிருந்து அதே நிமிஷம் எடுத்து நடந்து வந்தது நான்கு புள்ளி ஒன்று.

"இதை நம்பினா என்னை இப்பவே அட்மிட் பண்ணணும்" என்றார் சீஃப். தாளை வாங்கி இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு வருத்தம்தான், அது தெரிந்தது. "ரெண்டுக்கு மேலன்னு எழுதினோம். ஆறு. அவ்வளவுதான். பாப்பா வார்டு லைன் இல்ல. சின்ன லேப் இருக்கட்டும்." பிறகு இன்ஜினியரிடம் திரும்பினார். "உங்க லிஃப்ட் விஷயத்தை அடுத்த கூட்டத்துல வைங்க. நான் அன்னிக்கு முதல்ல பேச மாட்டேன்."

"முதல்ல எனக்கு ஒரு ஜூஸ் வேணும்" என்றார் இன்ஜினியர்.

நான் படியில் இறங்கிப் பச்சிளங்குழந்தை வார்டுக்குப் போனேன். அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு குழந்தையின் குதிகாலைக் கதகதப்பான துணியில் சுற்றி வைத்திருந்தாள். ரத்தம் எளிதாக வருவதற்கு. குழந்தையின் பாதம் அவள் கட்டைவிரலைவிடச் சின்னதாக இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் நிமிராமல்.

"ஆறு."

"பத்துலயா?"

"ம். லேப் இங்கேயே இருக்கும்னு சீஃப் சொல்லிட்டார்."

அவள் துணியை விலக்கி, ஒரே ஒரு முறை குத்தினாள். குழந்தை முகத்தைச் சுருக்கி, அழலாமா என்று யோசித்து, விட்டுவிட்டது. துளிகள் குப்பிக்குள் இறங்கின. மூடியைப் போட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்க என் விரலை இழுத்து வைத்தாள்.

"அழுத்தாதே, சும்மா வை. நான் கொடுத்துட்டு வந்துடறேன்."

குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பக்கத்து அறைக்கு நடந்தாள்.